கடல் கழுவிய உடல்: கடமையும் பயனும் பற்றின்மையும்

கடலில் மூழ்கி இறந்தவரின் உடலைக் குளிப்பாட்ட வேண்டுமா? இவ்வினா முதற்கண் விசித்திரமாகத் தோன்றலாம். மணிக்கணக்கில் நீரிற் கிடந்த உடலுக்கு மேலும் நீர் எதற்கு என்று கேட்பது இயல்பே. ஆயினும் இஸ்லாமியச் சட்ட நூலாசிரியர் இதனை ஒரு வினாவாகவே எழுப்பி, ஒருவரோடொருவர் மாறுபட்டு விடை கூறிச் சென்றுள்ளனர். ஏட்டிற் கிடந்த அவ்வினா 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எமது கரைக்கு வந்து சேர்ந்தது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஊர்களைக் கடல் புகுந்து கலைத்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அதுவே.

பலனிற் பற்று வையாது கடமையைச் செய்க என்பது நாம் அடிக்கடி கேட்கும் உபதேசம். அதன் பொருள் யாது என்று நின்று கேட்போர் சிலரே. அவ்வுபதேசத்தைக் கடமைவழி அறவியலோடும் பயன்வழி அறவியலோடும் ஒப்பிட நினைப்போருக்கு, மேற்கூறிய சிறு வினாவே நல்ல உரைகல்லாகும் என்பது என் எண்ணம்.

இறந்தவருக்கு இருப்போர் ஆற்றவேண்டியவை நான்கு. குளிப்பாட்டல், கபனிடல், தொழுவித்தல், அடக்கல். இவை 'பர்ளு கிபாயா' எனும் வகையைச் சேர்ந்த கடமைகள். ஐவேளைத் தொழுகை போல ஆளுக்கு ஆள் விதிக்கப்பட்டவை அல்ல. சமூகத்தின் மீது மொத்தமாக விதிக்கப்பட்டவை. சிலர் செய்து முடித்தால் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். ஒருவருமே செய்யாவிடின் அறிந்திருந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகள். இத்தகைய கடமையில் 'யார் செய்தார்' என்பதைக் காட்டிலும் 'செய்யப்பட்டதா' என்பதே முதலிற் கேட்கப்படுகிறது. அவ்வாறாயின் இது பயன்வழி அறவியல்தானோ என்று ஐயுற இடமுண்டு. அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கே மூழ்கியவரின் உடல் உதவுகின்றது.

ஷாபிஈ மத்ஹபின் இமாம்களுள் ஒருவரான ராபிஈ, குளிப்பாட்டுபவருக்கு 'நிய்யத்' என்னும் எண்ணம் கட்டாயமில்லை என்றார். அதிலிருந்து ஒரு முடிபும் பெறப்பட்டது: எண்ணம் வேண்டாமெனின், நீரில் மூழ்கியதே குளிப்பாட்டியதற்குச் சமமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, ராபிஈயின் நூலைச் சுருக்கி 'மின்ஹாஜ்' என்னும் நூலை இயற்றியபோது இவ்விடத்திற் குறுக்கிட்டுத் தம் கருத்தைத் தனித்துக் கூறினார். மூழ்கியவரையும் குளிப்பாட்டல் கட்டாயமே என்பது அவர் முடிபு. உரையாசிரியர் காட்டும் காரணம் சுவையானது. குளிப்பாட்டும்படி ஏவப்பட்டவர்கள் நாம்; ஆதலின் நாம் செய்தாலன்றி அக்கடமை எம்மை விட்டு நீங்காது. கடல் ஏவப்படவில்லை. அதே வேளை, முஸ்லிமல்லாத ஒருவர் குளிப்பாட்டினாலும் போதும் என்ற கருத்தை நவவி மாற்றவில்லை. அவரும் மனிதர், அவர் செய்ததும் ஒரு செயல்.

இங்கே மூன்று பொருள்கள் பிரித்து வைக்கப்பட்டுள்ளமையைக் காண்க. உடல் நனைந்திருத்தல் விளைவு. குளிப்பாட்டல் செயல். நிய்யத் எண்ணம். விளைவு இருந்தும் செயல் இல்லையெனின் கடமை நிறைவேறவில்லை. செயல் இருந்து எண்ணம் இல்லையெனினும் கடமை நிறைவேறிவிட்டது. மேற்குலக அறவியலின் இரு பெரும் நெறிகளும் இவ்விரு வாக்கியங்களில் ஒவ்வொன்றோடு முரண்படுகின்றன.

முதலாவது வாக்கியத்தோடு முரண்படுவது பயன்வழி அறவியல். ஜோன் ஸ்டுவார்ட் மில் தமது 'பயன்பாட்டுவாதம்' என்ற நூலில் (1863) நீரில் மூழ்குபவனையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஒருவன் கடமையுணர்வால் காப்பாற்றினாலும் கூலியை எதிர்பார்த்துக் காப்பாற்றினாலும் செயல் சரியானதே. நோக்கம் அவனது குணத்தை அளக்க உதவுமேயன்றிச் செயலை அளக்க உதவாது என்பது அவர் வாதம். இம்மட்டில் மில்லும் பர்ளு கிபாயாவும் கைகோத்துச் செல்வன போலும். ஆனால் மில்லின் கணக்கில் செயல் என்பது விளைவுக்குச் செல்லும் வழி. விளைவு முன்னரே வந்துவிட்டால் வழிக்கு வேலையில்லை. கடல் கழுவிய உடலை அவர் மீண்டும் கழுவச் சொல்வதாயின், உயிரோடிருக்கும் உறவினரின் மன ஆறுதலையே காரணங் காட்ட வேண்டியிருக்கும். உறவினர் எல்லோருமே மாண்டுபோன வீடுகள் அன்று எம் கரையில் இருந்தன. அந்த உடல்களைக் கழுவியது யாருடைய ஆறுதலுக்காக?

இரண்டாவது வாக்கியத்தோடு முரண்படுபவர் இம்மானுவேல் கான்ற். வாடிக்கையாளரை ஏமாற்றாத கடைக்காரன் தன் வியாபார நலம் கருதி அவ்வாறு நடப்பானாயின், அவன் செயல் கடமைக்கு இசைந்ததேயன்றிக் கடமையினின்று பிறந்ததன்று. அதற்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை என்று 1785இல் வெளிவந்த தமது நூலில் அவர் எழுதினார். என் மாமா ஒருவர் மருதமுனையில் கைத்தறி நெய்பவர். அந்நாட்களில் கபுறு வெட்டியவர்களுள் ஒருவர். உழவு இயந்திரப் பெட்டியில் ஜனாஸாக்களை ஏற்றி இறக்கிய ஒருவர் அன்று மாலையே கூலி கேட்டதை அவர் இன்றும் சற்றுக் கசப்போடு சொல்வார். கான்ற் அம்மனிதரைக் கடைக்காரனின் பக்கத்தில் நிறுத்துவார். மில் அவரைச் சரியானதைச் செய்தவர் என்பார். மார்க்க சட்டமோ இரு கணக்குகளைத் திறக்கிறது. சமூகத்தின் கணக்கில் கடமை தீர்ந்தது. அவருக்கு நற்கூலி உண்டா என்பது நிய்யத்தைப் பொறுத்த வேறு கணக்கு. அதைப் பார்ப்பது மனிதர் வேலையன்று. அறவியல் மாணவர் பலர் ஒரே கணக்கில் இரண்டையும் எழுத முயன்று தடுமாறுகின்றனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனிக் கீதைக்கு வருவோம். இரண்டாம் அத்தியாயத்தின் 47ஆம் சுலோகமே எல்லோரும் எடுத்தாளுவது. அதன் முற்பகுதி செயலில் மட்டுமே உனக்கு உரிமை, பலனில் இல்லை என்கிறது. பிற்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர்: செயலின்மையிலும் பற்று வையாதே என்பது அது. அங்கு பேசப்படுவது உரிமை. அஃதாவது, பலனைத் தனதெனக் கோரும் உரிமை. பலனைக் கவனியாதே என்று அது கூறவில்லை. மூன்றாம் அத்தியாயமோ ஞானி உலகின் நிலைபேற்றை நாடிச் செயலாற்ற வேண்டும் என்கின்றது. 'லோகசங்கிரகம்' என அது சுட்டும் அந்நிலைபேறும் ஒரு விளைவுதானே! ஆகவே கீதையின் பற்றின்மையைக் கான்றின் கடமையோடு ஒன்றாக்குவது அவசர முடிபாகும். கான்றின் கடமை பகுத்தறிவுள்ள எவருக்கும் பொது. கீதையின் சுதர்மம் அவரவர் நிலைக்குரியது. அர்ச்சுனன் வீரன் ஆதலின் போரிடவேண்டியவனாகின்றான். அவன் முதலில் எழுப்பிய ஆட்சேபங்களோ குலநாசம், உற்றார் இழப்பு என்ற விளைவுகளைப் பற்றியவை. அமர்த்தியா சென் 'நீதி பற்றிய கருத்து' (2009) என்ற நூலில் அர்ச்சுனன் பக்கம் நின்று, போரின் பின் எஞ்சிய பாழை நோக்குமிடத்து அவன் ஐயங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல என்று வாதிடுவது நோக்கற்பாலது.

சென்னின் வாதத்தை நான் முழுவதும் ஏற்பவன் அல்லன். ஆயினும் அவர் தொடும் இடம் மெய்யாகவே புண் உள்ள இடம். பற்றின்மை என்ற பெயரில் விளைவைப் பாராதிருத்தல் கொடுமையாக முடியக்கூடும். இதற்கும் எம் கரையிலேயே சான்றுண்டு. கடற்கோளில் வீடிழந்தோருக்காக அக்கரைப்பற்றுக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. அவற்றை யாருக்கு வழங்குவது என்ற இனவாரித் தகராறு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டிய வீடுகள் பல்லாண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. சுவர்களிற் கொடி படர்ந்தது. கொடுத்தவர் கடமையைச் செய்தார், கட்டியவர் கடமையைச் செய்தார், வழக்காடியவரும் தத்தம் கடமையென்றே நினைத்திருப்பர். கூரையின்றி நின்றவனுக்கு அவற்றால் ஆனது என்ன?

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகும். குளிப்பாட்டலில் செயல் முடியுமிடத்திற் கடமையும் முடிகின்றது. இறந்தவருக்கு அதற்கு மேல் நாம் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. வீடு கொடுத்தலிலோ அதில் ஒருவர் குடியேறும்போதே செயல் முற்றுப்பெறுகின்றது. குடியிருப்பு அங்கே கடமைக்குப் புறம்பான பலன் அன்று; கடமையின் உறுப்பு. நமக்கு வரும் புகழ், நன்றி, வாக்கு ஆகியவையே புறம்பான பலன். பற்று விடவேண்டியது பிந்தியதில். முந்தியதை விட்டவன் பற்றற்றவன் அல்லன். வேலையைப் பாதியில் விட்டவன்.

அடக்கத்திலும் இவ்வேறுபாடு இல்லாமல் இல்லை. பிணங்களால் தொற்றுநோய் பரவும் என்ற அச்சத்தில் அன்று பல நாடுகளில் பெருங்குழிகள் அவசரமாகத் தோண்டப்பட்டன. இயற்கை அனர்த்தத்தில் மாண்டோர் பொதுவாக நோயால் இறந்தவர் அல்லர் ஆதலின், அவர்தம் உடல்கள் கொள்ளை நோய்க்குக் காரணமாவதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் பிறவும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கைநூல் விளக்குகின்றது. ஒவ்வோர் உடலுக்கும் இலக்கமிட்டு, படமெடுத்து, உடை, ஆபரணம், உடற்குறிகளைப் பதிந்து, அடக்கிய இடத்தைக் குறித்து வைக்குமாறு அது பணிக்கின்றது. விளைவைக் கணக்கிட்டோர் கணக்கைப் பிழையாகப் போட்டதால், தம் பிள்ளை எங்கே கிடக்கிறது என்று அறியாத பெற்றோர் பலராயினர்.

முதல் நாள் முறைப்படி குளிப்பாட்டினார்கள் என்றும், இரண்டாம் நாள் கிணறுகளில் உப்புநீர் ஏறிவிட, நீரும் ஆளும் கபன் துணியும் போதவில்லை என்றும் மாமா சொல்வார். தறியில் ஓடிக்கொண்டிருந்த சாரத் துணியையும் அறுத்துக் கொடுத்தார்களாம். நீர் பட்டால் சிதையும் நிலையிலிருந்த உடல்களுக்குத் தயம்மும் செய்யப்பட்டது. இயலாததைச் சட்டம் கேட்பதில்லை, கான்றும் கேட்பதில்லை. "கடல்ல கிடந்த மையத்துத்தானே, ஏன் திரும்பக் கழுவினீங்க?" என்று சிறுவனாக இருக்கையில் ஒருமுறை கேட்டேன். "கடல் கழுவினது போதும் எண்டு எங்களுக்கு விடேலாதே மகன்" என்றார். அவர் மின்ஹாஜ் ஓதியவர் அல்லர்.

அடையாளங் காணப்படாதவர்களைப் பற்றி அவர் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சட்டையின் நிறம், தோட்டின் வடிவம், பல்லின் இடைவெளி, மையவாடியின் மதிலிலிருந்து எத்தனை எட்டு என்பன. எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அதைத் தேடி இரு குடும்பத்தினர் வந்தனர். ஒருவருக்கு மட்டும் பொருந்தியது. மற்றப் பக்கங்களுக்கு எவரும் வரவில்லை. கொப்பி இன்னமும் தறிக்கொட்டிலில், நூற்கண்டுகள் வைக்கும் தகரப் பெட்டியினுள் இருக்கின்றது.