தீயின் சாட்சியம்

சித்திரைப் பௌர்ணமியன்று கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறியும் மங்கலதேவி மலையுச்சியை அடைந்து, ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டுமே மக்களுக்குத் திறக்கும் கண்ணகி கோட்டத்தில் கைகூப்பி நிற்கும் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் தொழுவது, தன் தூய்மையைக் காட்டத் தீயில் இறங்கிய ஒருத்தியை அன்று. தீயை ஏவிய ஒருத்தியை. சீதையின் அக்கினிப் பிரவேசத்தைக் கேட்டுக் கண்ணீர் விடும் அதே மக்கள்தாம் இவளையும் தொழுகிறார்கள் என்பதால், இரு காவியங்களும் கேட்போரிடம் எந்த உணர்ச்சியை வேண்டுகின்றன என்று வினவுவது நியாயமே.

சீதை தீயிலிருந்து மீளும்போது நாம் அடையும் ஆறுதலில் ஓர் அபாயம் இருக்கிறது. அவள் வெந்திருந்தால் குற்றவாளியென்று ஒப்பியிருப்போம் என்பதற்கு அந்த ஆறுதல் நம்மையறியாமலே சம்மதித்துவிடுகிறது. கம்பர் இதை உணர்ந்தவர் என்றே தோன்றுகிறது. அசோகவனத்தில் அவளை அநுமனோடு சேர்ந்து கண்ட நமக்குத் தீ புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அவர் நம் கண்ணை அக்கினிதேவன் மீது திருப்புகிறார்: அவளுடைய கற்பின் வெம்மையைத் தாளாமல் அவன் அலறி எழுகிறான்; அவள் கோபத்தில் அரும்பிய வியர்வை உலரவில்லை; கூந்தல் மலரில் தேனும் வண்டும் அப்படியே இருக்கின்றன. சோதிக்க வந்த தீயே சுடப்பட்டு முறையிடும்போது, கேட்பவன் அடைய வேண்டியது வியப்பைக் காட்டிலும், சோதனையைக் கேட்டவருக்காக ஒரு வெட்கம். உலகின் அபவாதத்துக்கு அஞ்சியே இராமன் அவ்வாறு செய்தான் என்பார் உண்டு. அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி என்பதை அந்தச் சமாதானம் மாற்றுவதில்லை.

இளங்கோவடிகள் வேறு வழி சென்றார். பாண்டியன் அவையில் பரீட்சைக்கு உள்ளானது கண்ணகியின் உடலன்று, ஒரு சிலம்பு. தன் சிலம்பில் மாணிக்கம் என்று அவள் முன்கூட்டியே சொல்கிறாள்; அரசியின் சிலம்பில் முத்து என்று பாண்டியனே சொல்கிறான். உடைத்ததும் தெறித்த மணியை எவரும் காணலாம். சந்தேகிக்கப்பட்டவரிடம் அற்புதத்தை எதிர்பாராத அந்தப் பிரமாணம் கேட்டவனையே குற்றவாளியாக்கிற்று. அவன் தன் தீர்ப்பைத் தானே சொல்லி உயிர் விட்டான். தீக்கடவுள் அதற்குப் பிறகுதான் வருகிறான், யாரைத் தவிர்ப்பது என்று கேட்டுக்கொண்டு. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவி ஆகியோரை விடும்படி அவள் ஆணையிடுகிறாள்.

எனினும் இங்கே மனம் நிறைவடைந்துவிட முடியாது. நூலின் உரைபெறு கட்டுரை, கண்ணகியைச் சாந்தப்படுத்தக் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதைக் கூறுகிறது. பொய் சொன்னவன் ஒருவன். மற்றவர்களின் சிலம்பை எந்த அவையும் உடைத்துப் பார்க்கவில்லை. கோவலனுக்காக எரிந்த நம் நெஞ்சு அவ்விடத்தில் மௌனமாயிருந்தால், நாம் கதையைப் பாதிதான் கேட்டிருக்கிறோம்.

இதே பள்ளத்தாக்கில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் பெண்கள் கனலும் தீச்சட்டியைக் கையிலேந்தி வருகிறார்கள். பிள்ளையின் நோய் தீர்ந்ததற்கோ வேறு வேண்டுதலுக்கோ தாமாக எடுத்த தீ அது. சட்டி சுட்டால் யாரும் அவர்களை ஐயுறுவதில்லை, வழியில் நிற்பவர்கள் அவர்கள் காலுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.