சத்தம் போடாத மின்னஞ்சல்

பேச்சிப்பாறைத் தண்ணீர் ராதாபுரம் கால்வாயில் திறந்துவிடும் நாட்களில், கடைமடைக் குளத்துக்காரர்களுக்கு அதிகாரிகளிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும். ஊர் இளைஞர் ஒருவர் அதை மின்னஞ்சலில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு இப்படி:

URGENT!!! WATER NOT COMING 🙏🙏🙏😡

உள்ளே ஐந்து வரி, ஐந்தும் தடித்த எழுத்து. வாசித்து முடித்தாலும் எந்தக் குளம், எந்த மடை, எத்தனை நாளாக என்பது தெரியாது. கும்பிடும் கைக்குப் பக்கத்திலேயே சிவந்த முகம் இருப்பதால், கெஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்பதும் புரியாது. இன்னொரு சங்கடமும் உண்டு. குப்பை அஞ்சலைப் பிரிக்கும் ஸ்பேம்அசாசின் போன்ற மென்பொருள், முழுக்கப் பெரிய எழுத்தில் வரும் தலைப்பை ஒரு சந்தேகக் குறியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது ஒன்றுக்காக மட்டும் கடிதம் ஒதுக்கப்படாது. வேறு குறைகளும் சேர்ந்தால் ஒதுங்கிவிடலாம்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஆச்சரியக்குறி, தடித்த எழுத்து, பொம்மை எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எந்த வரி சப்பென்று ஆகிவிடுகிறதோ, அங்கே ஏதோ ஒரு தகவல் விடுபட்டிருக்கிறது. ‘தண்ணீர் வரவே இல்லை!!!’ என்ற வரிக்கு, ‘கால்வாய் திறந்து பன்னிரண்டு நாளாகியும் எங்கள் குளத்து மடைக்குத் தண்ணீர் வரவில்லை. மடைக்கு மேற்கே முட்செடியும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன்’ என்று எழுதலாம். ‘உடனே!!!’ என்பதற்குப் பதில், ‘வெள்ளிக்கிழமைக்குள் ஆள் அனுப்பிப் பார்க்க வேண்டுகிறேன், அதற்குமேல் நாற்று தாங்காது.’ கோபம் குறையவில்லை, பாருங்கள். அதிகாரிக்கு இப்போது வேலை தெரிகிறது, அவ்வளவுதான்.

தமிழில் எழுதினால் பாதி தொல்லை இல்லை. நமக்குப் பெரிய எழுத்தே கிடையாது. அழுத்திச் சொல்ல ‘ஏ’யும் ‘தானு’ம் இருக்கின்றன. ‘எங்கள் மடைக்குத்தான் வரவில்லை’ என்றால், மற்ற மடைகளுக்கு வந்துவிட்டது என்பதும் சேர்ந்தே விளங்கும். தடித்த எழுத்தைக் கடிதத்தில் ஒரே இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது வெள்ளிக்கிழமை.

எதிர்ப்பக்கமும் மிகை உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு கணக்காளரை, பெரிய எழுத்தும் சிவப்பு, நீல நிறமுமாக மின்னஞ்சல் எழுதுகிறார் என்று 2007இல் வேலையை விட்டே நீக்கினார்கள். அது நியாயமில்லை என்று தீர்ப்பாகி, 2009இல் அவருக்கு 17,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு கிடைத்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

நண்பர்களுக்கு எத்தனை பொம்மை வேண்டுமானாலும் அனுப்புங்கள். அலுவலகத்துக்கு எழுதும்போது, குளத்தின் பெயரும் தேதியும் உங்கள் தொலைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.