அந்த 20 நிமிடம்

கொடிகாமத்தில் தோட்டத்துக்குப் போனவரைப் புடையன் கடித்து, யாழ். போதனா வைத்தியசாலை வாட்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவ மாணவரே, அவர் கட்டிலருகே நில்லுங்கள். உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. சவர்க்காரத்தில் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் தவறான முடிவு காட்டும்.

காத்திருக்கும் நேரத்தில், எப்போது கடித்தது என்று கேளுங்கள். முரசில் இரத்தம் கசிகிறதா, இமை சரிகிறதா, சிறுநீர் குறைந்ததா என்று பாருங்கள். இரவில் அரை மணித்தியாலமே கிடைத்தால், அவருடைய நோயை மட்டும் படியுங்கள். முதற்சோதனையில் இரத்தம் உறைந்தாலும் ஆபத்து நீங்கிவிடாது; மறுசோதனைக்கும் தவறாமல் போய் நில்லுங்கள்.