எல்லை தாண்டியதாக

கீழக்கரையிலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள கரையில் செய்தி சேகரிப்பவருக்கு அந்தத் தகவல் பெரும்பாலும் விடிவதற்குள் வந்துவிடும். முதலில் பேசுபவர், பக்கத்தில் வலை விரித்திருந்து தப்பி வந்த இன்னொரு படகுக்காரர். பிறகு மீன்வளத்துறை டோக்கன் பதிவைப் பார்த்துப் படகின் எண்ணையும் ஆள்கணக்கையும் சொல்லும். அதன்பின் இலங்கைக் கடற்படையின் அறிக்கை வரும். அதற்குள் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ ஒரு வீட்டுவாசலில் கூட்டம் கூடியிருக்கும்.

இந்தச் செய்திக்கு நம் நாளிதழ்களில் பழகிப்போன ஒரு தொடர் உண்டு: 'எல்லை தாண்டி மீன்பிடித்ததாகக் கூறி'. அதிலுள்ள 'தாக' நேர்மையான சொல். குற்றச்சாட்டை அதைச் சொன்னவர் பெயரிலேயே விட்டுவைக்கிறது. ஆனால் அதே வரி 'சிறைபிடிப்பு', 'அட்டூழியம்' என்று முடியும்போது அந்த நேர்மை பாதியில் நின்றுவிடுகிறது. அக்கரை அறிக்கையில் அதே ஆட்கள் 'அத்துமீறியவர்கள்'. இரு தரப்புச் சொற்களில் எதை எடுத்தாலும் தீர்ப்பு எழுதியதாகிவிடும். 'கைது' என்று எழுதினால் நடந்தது மட்டும் நிற்கும்.

இரு தரப்புக்கும் சம இடம் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரிய பிழை இருக்கிறது. குடும்பமும் கடற்படையும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. கணவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எந்த மாத்திரையை எடுத்துப்போக மறந்தார், வீட்டில் எவ்வளவு கடன் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியும். படகு எங்கே நின்றது என்பது அவருக்குத் தெரியாது. கடற்படைக்கு அது தெரிந்திருக்கலாம். ஆனால் பிடித்தவரே சொல்லும் கணக்கு அது. டோக்கனும் யார் போனார்கள் என்று மட்டுமே சொல்லும். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு சுமார் 12 கடல் மைல். 1974 ஒப்பந்தக் கோடு அதற்குச் சற்று மேற்கே போகிறது. கரையிலிருந்து முதல் 3 கடல் மைல், தமிழ்நாட்டின் 1983 சட்டப்படி விசைப்படகுக்குக் கிடையாது. மிச்சமிருக்கும் ஒடுங்கிய நீரில் கோட்டின் எந்தப் பக்கம் படகு நின்றது என்பதைக் கண்ணீரை வைத்தும் சொல்ல முடியாது, அறிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிடவும் முடியாது.

ஆகவே மனைவியிடம் 'எல்லை தாண்டினாரா?' என்று கேட்பதே தகாத கேள்வி. அவரால் பதில் சொல்ல முடியாது. சொல்லிவிட்டாலும் அது கணவர் மேல் விழும்.

எப்படி விழும் என்பதை 2024 பிப்ரவரியில் ஊர்க்காவல்துறை நீதிமன்றம் காட்டியது. பிடிபட்ட ராமேஸ்வரம் மீனவர்களில் பெரும்பாலோரை விடுவித்த நீதிமன்றம், படகோட்டிகள் இருவருக்கு 6 மாதமும், முன்பே ஒருமுறை பிடிபட்டிருந்த ஒருவருக்கு ஓராண்டும் சிறை விதித்தது. அந்த ஆண்டு கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கே போகாமல் ராமேஸ்வரம் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இதன்பின் ஒரு தாய், "ரெண்டாவது தடவையா என் புள்ளையப் புடிச்சிட்டாங்கய்யா" என்று சொன்னால், அதைவிட மனதைத் தொடும் வரி செய்தியாளருக்குக் கிடைக்காது. மகனுக்கு அதைவிட ஆபத்தான வரியும் கிடையாது. "என் புள்ளதாங்க படகை ஓட்டுனான்" என்பதும் அப்படித்தான்.

அதை மறைக்கலாமா? வழக்கு முடியும்வரை அச்சிடாமல் வைத்திருக்கலாம். அந்த வரி இன்றே தெரிந்தாக வேண்டிய அவசியம் வாசகருக்கு இல்லை. ஆனால் 'இதுவரை பிடிபடாதவர்' என்று எழுதக் கூடாது. சொல்லாமல் விடுவது வேறு, பொய் சொல்வது வேறு. தாயிடமும் விளைவைச் சொல்லிவிட்டே பேசவைக்க வேண்டும். அழுகையின் நடுவே ஒலிவாங்கியை நீட்டிக் கறந்த சொல்லுக்குச் சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது. நீதிமன்றம் பழைய தீர்ப்பைத் தன் ஆவணத்திலேயே தேடிக்கொள்ளும் என்பது உண்மைதான். அந்த வேலையைத் தாயின் வாயால் செய்யவைக்க வேண்டாம்.

இத்தனை கவனத்திலும் விடுபட்டுப்போகும் ஒருவர் இருக்கிறார்: யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர். நம் இழுவைமடி அவருடைய வலையை அறுத்துக்கொண்டு போகிறது என்று அவரும் தமிழில்தான் முறையிடுகிறார். அந்த மடியை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடைசெய்தது. பிடிபட்ட படகில் இருந்தது எந்த மடி என்ற ஒரு விவரம் நம் செய்திகளில் அனேகமாக வருவதே இல்லை. அதைக் கேட்டு எழுதினால் குடும்பத்தின் துயரம் ஒரு துளியும் குறையாது. எழுதாவிட்டால் அக்கரைக் குடும்பமே இல்லாதது போலாகிவிடும்.

விடுதலையானவர்கள் விமானத்தில் சென்னை வந்து வேனில் ஊர் சேரும்போது வரவேற்புப் படம் ஒன்று வரும், அத்தோடு செய்தி முடிந்துவிடும். அன்று இரவு படகு எங்கே நின்றது, எந்த மடி விரித்திருந்தது, கடற்படையினர் எப்படி நடந்துகொண்டார்கள் என்று படகிலிருந்தே கண்ணால் கண்டவர்கள் இவர்கள். இவர்களுடைய வழக்கும் முடிந்துவிட்டது. முதல் நாள் வாசலில் நின்ற அதே செய்தியாளர், ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டும்.