அரை ஷிப்டும் ஒரு கேள்விக்குறியும்

திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற சாலையில் இருக்கிறது அவிநாசிபாளையம். (அவிநாசி வேறு ஊர், வெளியூர்க்காரர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள்.) இந்தப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் கூடுதல் வேலையை யாரும் மணிக்கணக்கில் சொல்வதில்லை. “இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்” என்பார்கள். பெரும்பாலும் காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட்; இரவு 8.30, 9 வரை நீண்டால் ஒன்றரை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்றது. பல இடங்களில் அது கைக்கு வருவதில்லை. ஆனாலும் அந்த அரை ஷிப்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளத்தில் குறைந்தால் டெய்லர் சண்டை போடலாம்.

அதே கட்டடத்தின் மாடியில் மெர்ச்சண்டைசர் உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டு பையருக்கும் கீழே ஓடுகிற மெஷினுக்கும் நடுவில் நிற்பவர். மாதச் சம்பளம், ‘ஸ்டாஃப்’. இரவு 9.40-க்கு வாட்ஸாப் குழுவில் பையரின் மெயிலைப் போட்டு, அதன் கீழே முதலாளி ஒரேயொரு ‘?’ வைக்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் செலவழிக்கும் நாற்பது நிமிடத்துக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை.

அந்தக் கேள்விக்குறி கட்டளையா? முதலாளியைக் கேட்டால், “நான் எங்கீங்க இப்பவே பண்ணச் சொன்னேன்? காலைல மறந்துருவேன்னு போட்டேன்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. லாரா ஜியுர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் இதைத்தான் காட்டினார்கள். வேலைநேரத்துக்குப் பிறகு வரும் அவசரமில்லாத மெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் வேண்டும் என்பதை, அனுப்பியவர் நினைப்பதைவிட வாங்கியவர் கூடுதலாகவே கற்பித்துக்கொள்கிறார். அனுப்புகிறவருக்குத் தன் மனம் தெரியும். வாங்குகிறவருக்குத் தெரிவது அனுப்பியவரின் பதவி மட்டும்தான்.

‘அவசரமில்லை’ என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வித்தியாசம் குறைகிறது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. சரிதான். ஆனால் அந்த வரியை எழுதிய முதலாளியே, 9.42-க்குப் பதில் போட்ட ஒருவருக்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டினால்? குழுவில் இருக்கிற மற்ற ஏழு பேரும் அந்தக் கட்டைவிரலைத்தான் படிப்பார்கள். அதன் பிறகு வாயால் சொன்ன எந்த விதிக்கும் மதிப்பில்லை. தலைவரின் முன்மாதிரி என்று நான் நினைப்பது அவர் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதை அல்ல. இரவில் வந்த பதிலை அவர் காலைவரை தொடாமல் விடுவதைத்தான்.

இதற்கு வழக்கமான மறுப்பு ஒன்று உண்டு: “எக்ஸ்போர்ட் தொழில், அவங்க பகல் நமக்கு ராத்திரி.” பாதி உண்மை. கோடைக்காலத்தில் ஜெர்மனியில் பிற்பகல் 3.30 என்றால் இங்கே இரவு 7. அப்போது இரண்டு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று, லேப் டிப் அப்ரூவல்: துணிக்குச் சாயமேற்றும் முன் அனுப்பிய சின்ன நிற மாதிரியைப் பையர் ஒப்புக்கொண்டுவிட்டார். சாயப்பட்டறை இரவிலும் ஓடுகிறது. இப்போது சொன்னால் இன்றைக்கே துணியை மெஷினில் ஏற்றலாம், விட்டால் ஒரு நாள் போச்சு. இன்னொன்று, அட்டைப்பெட்டி ஸ்டிக்கரில் எழுத்தின் அளவை மாற்றச் சொல்வது. பேக்கிங்கே அடுத்த வாரம்தான். இரண்டுக்கும் ஒரே ‘?’ விழுகிறது. இன்றிரவு எந்த மெஷினாவது இதற்காகக் காத்திருக்கிறதா என்று பார்த்தாலே இரண்டும் பிரிந்துவிடும். பிரிக்க வேண்டியது முதலாளி. மெர்ச்சண்டைசருக்கு அந்த அதிகாரமில்லை. தப்பாகப் பிரித்தால் பழி மட்டும் அவருடையது.

என் தொழிலில் இதற்கு ‘ஆன்-கால்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. சர்வர் நடுராத்திரியில் படுத்துவிட்டால் யாரை எழுப்புவது என்று அந்த வாரத்துக்கு ஒரு பெயர் முன்கூட்டியே எழுதியிருக்கும். மற்றவர்கள் தூங்கலாம். (எல்லாக் கம்பெனியிலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லமாட்டேன், பெயர் எழுதிவிட்டு எல்லாரையும் எழுப்புகிற இடங்களும் உண்டு.) மாடியிலும் செய்யலாம். வாரம் ஒருவர், நிஜ அவசரத்துக்கு மெசேஜ் கிடையாது, போன்தான். போன் செய்யக் கொஞ்சம் கூச்சம் வேண்டியிருக்கிறது, அந்தக் கூச்சமே நல்ல வடிகட்டி. ஸ்டிக்கர் விஷயத்தை ஜிமெயிலில் காலை 9 மணிக்குப் போகும்படி குறித்துவைத்துவிட்டு முதலாளியும் தூங்கப் போகலாம்.

ஃபோக்ஸ்வாகன் 2011-இல் தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டு, ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் பிளாக்பெரிக்கு மெயில் போவதையே நிறுத்தியது. மேல்நிலை அதிகாரிகளுக்கு அது பொருந்தவில்லை. இங்கே அப்படிப் பேசி வாங்க மாடிக்காரர்களுக்கு ஒரு சங்கம்கூட இல்லை. ஆகவே முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலை: இரவு போன் வந்த நாளை டெய்லர் ஏட்டில் எழுதுவதுபோல அரை ஷிப்ட் என்று எழுதுவது, அதற்குக் காசு கொடுப்பது. மூன்று மாதம் எழுதினால் எந்தப் பையரால் எத்தனை அரை ஷிப்ட் போனது என்று தெரிந்துவிடும். அடுத்த ஆர்டருக்கு விலை பேசும்போது அந்தச் செலவைக் காஸ்டிங்கில் சேர்க்க முதலாளிக்குத் துணிச்சல் வருமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.