உடன்பிறந்தார் கணக்கு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஓர் அண்ணனும் தம்பியும் இருந்தனர் என்று வைத்துக்கொண்டு இக்கதையைத் தொடங்குகிறேன். பெயர்கள் வேண்டா, நெசவாளர் தெருக்களில் வாழ்ந்தவர்களுக்கு இத்தகைய இருவரையேனும் தெரிந்திருக்கும். 2008ஆம் ஆண்டில் அவர்களுக்குள் பேச்சு நின்றது. 2019இல், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்தி வரதர், அனந்தசரசு திருக்குளத்திலிருந்து எழுந்தருளி ஊரெல்லாம் மனிதத் தலைகளாய் நிறைந்திருந்த நாள்களில், தம்பி கைப்பேசியில் அண்ணனை அழைத்தார். பதினோர் ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல் "ஹலோ" என்பது மட்டுமே. அதில் குறை கூறலும் இல்லை, மன்றாடலும் இல்லை. அவ்வளவு கவனமாக ஒருவர் ஒரு சொல்லை எடுத்து வைக்க வேண்டியிருந்தது ஏன் என்று அறிய, அப்பகை எந்த மண்ணில் முளைத்தது என்பதை முதலில் காண வேண்டும்.

அது தறிக்குழியில் முளைத்தது. காஞ்சிப் பட்டின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதை நெய்யும் முறைக்குக் கோர்வை என்று பெயர். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் அதில் ஓடுகின்றன. நெய்பவர் ஒருவராலேயே மூன்றையும் வீசுதல் அரிது. ஆகையால் அவர் அருகில் துணையாள் ஒருவர் அமர்ந்து, தம் பக்கத்துக் கரைநாடாவை உரிய நொடியில் செலுத்த வேண்டும். கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். துணையாள் பிந்தினால் தறி நிற்கும்; அவர் கை இறுக்கம் மாறினால் கரையும் உடலும் சேரும் கோடு கோணலாகும். இவ்வளவு பொறுப்புள்ள அவ்விடத்தில் நெடுங்காலமாக அமர்ந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களே. கூலி சேலைக்கு இவ்வளவு என்று தறிக்கு வந்தது. துணையிருந்த சிறுவனுக்கென்று தனியாக எவரும் எண்ணி வைத்ததில்லை.

நம் கதையில் அண்ணன் முதலில் அவ்விடத்தில் அமர்ந்தார். பின் அவர் தாமே நெய்யத் தொடங்கியபோது, நான்கு ஆண்டு இளையவரான தம்பி ஒன்பதாம் வயதில் பள்ளியை விட்டு அங்கே வந்தார். இருபத்தெட்டாம் வயது வரை அண்ணன் அருகிலேயே அமர்ந்து கரைநாடா வீசினார். பிறகு திருப்பெரும்புதூர்ப் பக்கம் எழுந்த ஆலைகளில் ஒன்றில் வேலை தேடிக்கொண்டு போனார். அவர் போன பின்னர் அண்ணன் கோர்வையை விட்டுவிட்டு, ஒருவரே நெய்யத்தக்க, கூலி குறைந்த சேலைகளுக்கு மாறினார்.

தந்தை மகளின் திருமணத்துக்காகப் பட்டு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். நெசவில் முன்பணம் என்பது எளிய கடனன்று. அது தீரும்வரை நெசவாளர் வேறொருவருக்கு நெய்ய இயலாது. ஒவ்வொரு சேலைக் கூலியிலும் ஒரு பகுதி அதற்குக் கழியும். வீட்டில் நோயோ திருவிழாவோ வந்தால் கழித்ததற்கு மேலாகவே மீண்டும் வாங்க நேரும். தந்தை அக்கடனோடு மறைந்தார். தறியில் இருந்தவர் அண்ணன் ஆதலால், கடன் அவர் கூலியில் கழிந்தது. ஐந்தாண்டுகள் கழித்து வீட்டைப் பிரிக்க அமர்ந்தபோது, தாம் அடைத்த கடனில் பாதியைத் தம்பியின் பங்கிலிருந்து கழிக்க வேண்டும் என்றார் அவர். தம்பியோ, பத்தொன்பது ஆண்டுகள் கூலியின்றி அமர்ந்த தம் கைகளுக்கு என்ன விலை என்று கேட்டார்.

இருவரும் சொன்னது உண்மை. இதுவே இப்பகையின் கொடுமை. அண்ணனுடைய கணக்கு தந்தை மறைந்த நாளில் தொடங்கியது; தம்பியுடையது அவர் பள்ளியை விட்ட நாளில் தொடங்கியது. கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தையே வேறு வேறு நாளில் திறந்த இருவர், கடைசிப் பக்கத்தின் தொகையைப் பற்றி எவ்வளவு நேர்மையாக வழக்காடினாலும் ஒத்துப்போக மாட்டார்கள். பிரிந்து நிற்கும் உடன்பிறந்தாரைக் காண்கிறபோதெல்லாம், இவர்களில் பொய்யர் யார் என்று ஊர் தேடுகிறது. பெரும்பாலும் பொய்யர் எவரும் இருப்பதில்லை. தொடக்க நாள் மட்டுமே வேறாக இருக்கிறது. தம் கணக்கின் தொடக்க நாளை மற்றவர் முன் வாய்விட்டுச் சொல்லும் பழக்கமோ நம் குடும்பங்களில் இல்லை. தொகையைச் சொல்வோம், அது எங்கிருந்து வந்தது என்பதை நெஞ்சிலேயே வைத்திருப்போம்.

பதினோர் ஆண்டுகளில் இந்த மௌனம் தனக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டது. தந்தையின் திதியை இருவரும் தனித்தனியே கொடுத்தனர். தாய் மறைந்தபோது, இளையவன் கொள்ளி வைக்கும் வழக்கப்படி தம்பி வந்தார், கடமையைச் செய்தார், அண்ணனோடு ஒரு சொல்லும் பேசாமல் திரும்பினார். பிள்ளைகள் தம் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் பிறர் திருமணங்களில் தொலைவிலிருந்து கண்டு வளர்ந்தனர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

1979இல் அத்தி வரதர் எழுந்தருளியபோது அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, தம்பிக்கு எட்டு. தந்தை இருவரையும் அழைத்துச் சென்றிருந்தார். 2019இல் ஒருவருக்கு ஐம்பத்திரண்டு, மற்றவருக்கு நாற்பத்தெட்டு. அடுத்த முறை 2059. ஒரு மனித வாழ்வில் அவ்விழாவை இரண்டு முறைக்கு மேல் காண்பவர் சிலரே. இதைத் தம்பி எண்ணியிருக்க வேண்டும். அதனாலேயே ஆடி மாதத்து மாலையொன்றில் அவர் கைப்பேசியை எடுத்தார்.

"ஹலோ."

"ம்... சொல்லு."

"கோயிலுக்கு போயாச்சா?"

"இன்னும் இல்ல. கூட்டம் அதிகமா இருக்குது. உங்க அண்ணியால அவ்ளோ நேரம் நிக்க முடியாது."

"சரி. நான் வியாழக்கிழமை வரலாம்னு இருக்கேன்."

"வா. வெய்யில் ஏறதுக்கு முன்னாடி வந்துடு."

அழைப்பு அவ்வளவே. இதில் சொல்லப்பட்டதைவிடச் சொல்லாது விடப்பட்டவற்றையே நான் மதிக்கிறேன். தம்பி "அண்ணா" என்று உருகித் தொடங்கியிருந்தால், அவ்வுரிமையை ஏற்பதா மறுப்பதா என்று அந்த நொடியிலேயே முடிவெடுக்கும் சுமை அண்ணன் மீது விழுந்திருக்கும். "என்னை மறந்துட்டியா?" என்று தொடங்கியிருந்தால், அழைத்தவரே வழக்காளியாகியிருப்பார். மன்னிப்புக் கேட்பதும்கூட அந்நேரத்தில் இடர் தருவது. நான் தவறு செய்தேன் என்று தொடங்கி, ஆனால் நீயும் என்று முடியும் மன்னிப்புகளை நாம் எத்தனை கேட்டிருக்கிறோம்! எதையும் கோராத ஒரு சொல், கேட்பவருக்குப் பின்வாங்கவும் முன்வரவும் ஒரே அளவு இடம் தருகிறது. அண்ணனும் தம் பங்குக்கு ஒரு நன்மை செய்தார்: இத்தனை ஆண்டு எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. மூத்தவர்கள் அக்கேள்வியை அன்பென்று எண்ணிக் கேட்கிறார்கள். இளையவர்கள் செவியில் அது குற்றச்சாட்டாகவே விழுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்வழைப்பின்போது இரு வீட்டிலும் வேறெவரும் அருகில் இல்லை. கைப்பேசியின் ஒலியைப் பெருக்கி வைத்து, மனைவியும் மக்களும் சூழ்ந்திருக்க, அடுத்து என்ன சொல்வது என்று அவர்கள் கையசைத்துக் காட்ட நடக்கும் உரையாடல்கள் எப்படி முடிகின்றன என்பது பலர் அறிந்ததே.

இத்தகைய பிளவுகளில் நடுவர் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், ஆனால் எப்போது, எதற்கு என்பது வினா. குமண வள்ளல் தம் நாட்டைத் தம்பி இளங்குமணன் கைக்கொள்ளக் காட்டில் இருந்தார். அங்கே பெருந்தலைச் சாத்தனார் பரிசில் வேண்டிச் சென்றபோது, கொடுக்க வேறொன்றும் இல்லாமல், தம் தலையைக் கொய்துகொள்ளுமாறு வாளை நீட்டினார். புலவர் தலையைக் கொய்யவில்லை. வாளை மட்டும் பெற்று இளங்குமணனிடம் காட்டிப் பாடினார். புறநானூற்றின் 165ஆம் பாட்டு அது. நாடு யாருக்கு உரியது என்னும் வழக்கை அவர் அங்கே அவிழ்க்கவில்லை என்பதை நோக்க வேண்டும். அண்ணன் எதை இழக்கத் துணிந்தார் என்பதை மட்டுமே தம்பியின் கண்முன் வைத்தார். பின்னர் அவ்விருவரும் என்ன பேசினர் என்பதைப் பாட்டும் சொல்லவில்லை, அடிக்குறிப்பும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு உரியது என்று விட்டுவிட்ட அப்பண்பு எனக்கு மிகவும் உவப்பானது.

நம் கதையின் இருவரும் வியாழக்கிழமை வரிசையில் நின்றபோது வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அடுத்தடுத்து நடந்த நான்கைந்து அழைப்புகளிலும் பேசவில்லை. மாதங்கள் சென்ற பிறகே, இருவருக்கும் பொதுவான தாய்மாமன் ஒருவரை உடன்வைத்து அமர்ந்தனர். அப்போதுதான் முதன்முறையாக, பள்ளியை விட்ட நாளைத் தம்பி வாய்விட்டுச் சொன்னார். தம்பிக்கு முன் தாமும் அதே இடத்தில் கூலியின்றி அமர்ந்ததை அண்ணன் சொன்னார். இழந்த படிப்புக்கு விலை வைக்க மாமனால் இயலவில்லை. வைக்க முயலவும் இல்லை. கடனுக்கு மட்டும் தொகை இருந்தது. அதில் பாதியைத் தம்பி ஒப்புக்கொண்டார். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. தறி இருந்த அறை அண்ணனுக்கும், தெருப்பக்கத்து அறை தம்பிக்கும் ஆயின.

உறவு பழைய நிலைக்குத் திரும்பியது என்று சொன்னால் பொய்யாகும். திதியை இன்றும் அவர்கள் தனித்தனியேதான் கொடுக்கின்றனர். பண்டிகை நாள்களில் பேசிக்கொள்கின்றனர், உடல்நலம் கேட்கின்றனர், பணம் பற்றிய பேச்சு வரும்போது இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். தம்பி மகளின் திருமணம் கூடியபோது, கூறைச் சேலை தம் பொறுப்பு என்று அண்ணன் சொன்னார். அரக்கு உடலும் பச்சைக் கரையுமாய்க் கோர்வைச் சேலை வேண்டும் என்று பெண் விரும்பினாள். அண்ணன் கோர்வை நெய்வதை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. பக்கத்தில் அமர ஆளும் இல்லை. ஆகவே கூட்டுறவுச் சங்கத்துக் கடைக்குப் போய், இழைகளை ஒளியில் பிடித்துப் பார்த்து, கரைக்கோடு சற்றும் கோணாத ஒன்றை விலைக்கு வாங்கினார். விலையில் பாதியைத் தாம் தருவதாகத் தம்பி சொன்னார். அண்ணன் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.