கடிதத்தில் மூன்றாமவர் பெயர்

வேலை வேண்டியோ உதவி நாடியோ முன்பின் அறியாத ஒருவருக்குக் கடிதம் எழுத உட்காருகிறவர், அவருக்கும் தமக்கும் பொதுவான நண்பர் ஒருவர் உண்டென்று அறிந்திருந்தால், அந்தப் பெயரை எழுதுவதா விடுவதா என்று தயங்குவது இயல்பே. எழுதினால் செல்வாக்கைக் காட்டுவது போலாகிவிடுமோ என்ற கூச்சம் ஒருபுறம். எழுதாவிட்டால் கடிதம் கவனிப்பாரற்றுக் கிடந்துவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். இதை வெறும் நாசூக்கு சம்பந்தமான விஷயமாகக் கருதுவோர் பலர். ஆயினும் தம் பெயர் எவ்விதம் எடுத்தாளப்படுகிறது என்பதைக் காணமுடியாத மூன்றாமவர் ஒருவரின் கௌரவமும் அக்கடிதத்தில் அடங்கியிருப்பதால், இது நியாயத்தைச் சார்ந்த கேள்வியே ஆகும்.

கணித மேதை இராமானுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பம் இங்கே நினைக்கத்தக்கது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமற் போனதையும், தம் காலத்தையெல்லாம் கணிதத்தில் செலவிட்டு வந்ததையும் தம் வாயால் சொல்லக்கூடிய அளவில் அவர் எழுதினார். அவருடைய கணிதத் திறன் அசாதாரணமானது என்ற புகழ்ச்சியோ, மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் தந்த தனிச் சான்றிதழில் அப்பேராசிரியரின் பொறுப்பிலேயே நின்றது. மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலையும் கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியபோது, தம் முடிவுகளை உள்ளூர்க் கணித அறிஞர்கள் வியப்புக்குரியவை என்கிறார்கள் என்று பெயர் சுட்டாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தேற்றங்களையே பக்கம் பக்கமாக முன்வைத்தார். ஹார்டியும் அவருடைய சக அறிஞர் லிட்டில்வுட்டும் எடைபோட்டவை அந்தத் தேற்றங்களையே. பதில் வந்தபின் இராமானுஜன் செய்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. உபகாரச் சம்பளம் பெறத் துணையாகும்படி அனுதாபத்துடன் ஒரு கடிதம் தந்து உதவுமாறு ஹார்டியிடமே அவர் வேண்டினார். ஒருவருடைய மதிப்பை நாம் பயன்படுத்த விரும்பினால், அதற்கு உரியவரிடமே கேட்பது என்பது இதுதான்.

இந்த நியாயத்தைச் சாதாரணக் கடிதம் ஒன்றில் பொருத்திப் பார்க்கலாம். அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவர் தேவை என்பதைத் தம் பழைய தமிழாசிரியர் வாயிலாக அறிந்த இளைஞர் ஒருவர், "தங்கள் அருமை நண்பரான புலவர் அவர்களுக்கு நான் மிகவும் வேண்டியவன், தாங்கள் என்னைக் கைவிடமாட்டீர்கள் என்று அவர் உறுதி கூறினார்" என்று தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியர் சொன்னதோ "எழுதிப் பாருங்கள்" என்பது மட்டுமே. அந்த இரண்டு சொற்களை உறுதிமொழியாக வளர்த்ததில் பொய் கலந்துவிட்டது. மறுத்தால் நண்பருக்கு அவமதிப்பு என்ற நிர்ப்பந்தமும் அச்சகத்தார்மேல் ஏறிவிட்டது. இதையே, "புலவர் அவர்களிடம் இரண்டாண்டு யாப்பு பயின்றவன் நான். தங்களிடம் வேலை காலியிருப்பதை அவர் மூலம் அறிந்தேன். அவர் அனுமதியுடன் இதைக் குறிப்பிடுகிறேன். நான் திருத்திய எட்டுப் பக்கங்களை இணைத்திருக்கிறேன்" என்று எழுதினால், பரிச்சயத்தின் அளவும் செய்தி வந்த வழியும் தெளிவாகிவிடுகின்றன; அதன்பின் பெயர் ஒதுங்கிக்கொள்ள, திருத்திய பக்கங்கள் பேசத் தொடங்குகின்றன. ஐயமிருந்தால் ஒரு சோதனை உண்டு: கடிதத்தின் பிரதியை அந்த ஆசிரியருக்கே அனுப்ப மனம் கூசாதிருக்க வேண்டும். கூசுமாயின், எந்த வாக்கியத்தில் கூசுகிறதோ அதை அடித்துவிடலாம்.

அனுமதியும் உண்மையும் இருந்தும் பெயரை எழுதலாகாத இடம் ஒன்றுண்டு. பெயருக்குரியவர் கடிதம் பெறுகிறவருக்கு மேலதிகாரியாகவோ கடன் கொடுத்தவராகவோ இருப்பின், எத்துணைப் பணிவாகச் சொன்னாலும் அச்சொல் ஆணையாகவே காதில் விழும். தாட்சண்யத்துக்கு இடங்கொடுக்கக்கூடிய மனிதரை நாம் பயத்துக்கு ஆளாக்கியவர்களாவோம். அங்கே பெயரை விட்டுவிடுவதே நேர்மை என்பது என் துணிபு. அதனால் ஒரு நல்ல வாய்ப்பு தவறிப்போகலாம். தகுதியுடைய ஏழை இளைஞருக்கு அது சிறிய நஷ்டமன்று என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவிலேயே விண்ணப்பதாரரின் மாமனோ சிற்றப்பனோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது மௌனம்தான் வஞ்சனை. அந்த உறவைச் சிபாரிசாகக் கடிதத்தின் தொடக்கத்தில் வைக்காமல், அந்த உறவினர் தாமாக விலகிக்கொள்ள வசதியாக, குழுத் தலைவருக்குத் தனியே ஒருவரி எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.